நீர் நிற்காத சாலை

கீழ்த்தளத்தில்தான் வீடு வேண்டும் என்பதில் அந்தக் குடும்பத்துக்குள் இரண்டாம் பேச்சே இல்லை. இடுப்பெலும்பு முறிந்து சிகிச்சை முடிந்த பெரியவரை மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்த அன்று, நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள். பாதி வழியில் ஒருவருடைய கால் இடறியது. "ஏம்ப்பா, என்னை மேல் மாடிக்குக் கொண்டுபோறீங்களா, மேலுலகத்துக்கே கொண்டுபோறீங்களா?" என்று பெரியவர் கேட்டார். தூக்கியவர்கள் சிரித்தார்கள், அவருடைய மருமகள் சிரிக்கவில்லை.

அன்று ஏறியவர் பிறகு இறங்கவில்லை. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் குளியலறைக்கும் இடையே நடப்பதே அவருடைய நகர்வலம். "கூண்டுக் கிளி பேசினாக்கூட நாலு பேர் நின்னு கேப்பாங்க. நான் பேசினா இந்த மின்விசிறிதான் கேக்குது" என்பார். பேருந்தில் நடத்துனராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். நாள் முழுவதும் மனிதர்களோடு மல்லுக்கு நின்றவருக்கு மின்விசிறியின் துணை போதவில்லை. மகனும் பேருந்தைத்தான் நம்பியிருந்தான், ஓட்டுநர். அந்த வீட்டில் தூரத்தைக்கூட நிறுத்தக் கணக்கில்தான் சொல்வார்கள். மருமகள் ஒருத்திதான் அங்குலக் கணக்குப் பேசுகிறவள். திரைச்சீலை தைப்பது அவளுடைய தொழில்.

பகலில் ஓட்டுநர் வண்டியில் இருப்பான். மருமகள் வாடிக்கையாளர் வீடுகளுக்கு அளவெடுக்கப் போய்விடுவாள். பெரியவர் தனியாக இருப்பார். கீழ்த்தளத்தில் வாசல் திறந்திருந்தால் போவோர் வருவோர் ஒரு வார்த்தை பேசுவார்கள் என்பது நல்ல விஷயம். அதே கீழ்த்தளத்தில், ஒருநாள் தண்ணீர் உள்ளே வந்தால், எழுந்து ஓட முடியாத மனிதர் கட்டிலில் தனியாக இருப்பார் என்பதும் உண்மை. முதல் விஷயத்தை வீட்டில் எல்லாரும் பேசினார்கள். இரண்டாவது விஷயம் மருமகளின் மனத்தில் மட்டும் முள்ளாகக் கிடந்தது. மழைக்காலம் தொடங்க அதிக நாள் இல்லை.

வீட்டை ஓட்டுநரே கண்டுபிடித்தான். அவனுடைய பேருந்து செல்லும் பெரிய சாலையிலேயே இருந்தது அது.

"அந்த ரோட்டுல தண்ணி நின்னு நான் பாத்ததே கிடையாது," என்றான், சட்டையைக் கழற்றி மாட்டியபடி. "ஊரே மிதந்த வருஷத்துலகூட என் வண்டி அங்க நின்னதில்லை. கண்ணை மூடிக்கிட்டு முன்பணம் கொடுக்கலாம்."

"நான் டிக்கெட் கிழிச்ச காலத்துல அங்க முழங்கால் தண்ணி நிக்கும்டா," என்றார் பெரியவர்.

"அது அந்தக் காலம்ப்பா. அதுக்கப்புறம் எத்தனை தடவை தார் போட்டு உசத்திட்டாங்க. இப்போ பாலம் மாதிரி இருக்கு."

பெரியவருக்கு அதற்குமேல் ஆட்சேபம் இல்லை. ஜன்னல் வழியே மகன் பேருந்து ஓட்டிச் செல்வதைப் பார்க்கலாம் என்ற ஆசை ஒன்று அவருக்குப் பிறந்துவிட்டது. ஆசை பிறந்த இடத்தில் ஆராய்ச்சி எழுந்து போய்விடும்.

மருமகள் தன் பங்குக்கு வேறொரு வீட்டைச் சொன்னாள். சுரங்கப்பாதைக்கு அப்பால், அவளுடைய வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற நர்ஸம்மா மாடியில் இருந்துகொண்டு, கீழ்த்தளத்தை வாடகைக்கு விடப் பார்த்தார்.

"சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கமா?" ஓட்டுநர் சிரித்தான். "நாலு தூறல் விழுந்தா எங்களுக்கு வர்ற முதல் உத்தரவே, அந்தப் பக்கம் போகாதே, சுத்திப் போன்னுதான். தவளை கேட்டாக்கூட அங்க வீடு பாத்துக் கொடுக்க மாட்டேன்."

அவள் வாதாடவில்லை. அளவெடுக்காமல் துணியில் கத்தரிக்கோல் வைக்கிறவள் அல்லள் அவள்.

பெரிய சாலை வீட்டைப் பார்க்க, பெரியவரையும் நாற்காலியோடு கீழே இறக்கி அழைத்துக்கொண்டுதான் போனார்கள். தரகர் வாசலிலேயே காத்திருந்தார். சாலையிலிருந்து மூன்று படி இறங்கினால் முற்றம். முற்றத்திலிருந்து ஒரு படி ஏறினால் வீடு.

"இறங்கி ஏறணுமா?" என்றாள் மருமகள்.

"ரோட்டுத் தூசி உள்ள வராது, மேடம். வெயில் காலத்துல சில்லுன்னு இருக்கும்."

உள்ளே நல்ல வெளிச்சம். கூடம் விசாலமாக இருந்தது. சுவரில் இடுப்பளவு வரை வெளிர்பச்சை. அதற்கு மேலே பழைய வெள்ளை.

"பெயிண்ட் வாசனைகூடப் போகலை பாருங்க," என்றார் தரகர்.

"கீழே மட்டும்தானே புதுசு? மேலே அடிக்கலையா?"

"அது டிசைன், மேடம்."

அவள் அந்தப் பச்சையின் மேல் விளிம்பை விரலால் தடவினாள். சுவரின் மேல் பாதி வழவழப்பாக இருந்தது. பச்சைக்கு அடியில் பூச்சு சொரசொரத்து, ஓரிடத்தில் நகம் பட்டதும் மாவாக உதிர்ந்தது. உப்புப் பூத்த சுவரைப் பூசி மெழுகினால் இப்படித்தான் உதிரும் என்பது அவளுக்குத் தெரியும். சுவருக்குப் பக்கத்தில் தொங்கும் துணியில் அந்த வெள்ளைத் தூள் ஏறி, வாடிக்கையாளர்கள் திரைச்சீலையைத் திருப்பிக் கொண்டுவந்த அனுபவம் அவளுக்கு உண்டு.

அப்போது குளியலறைப் பக்கம் 'ணங்' என்று ஓசை கேட்டது. ஓட்டுநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா, நீ வளர்ந்துட்டியா, வீடு சுருங்கிடுச்சா?" என்றார் பெரியவர், கூடத்து நாற்காலியிலிருந்து.

விளையாட்டாகக் கேட்ட அந்தக் கேள்வியை மருமகள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தாள். திரைச்சீலை தைப்பவர்கள் யாருமே ஒரே இடத்தில் அளந்து திருப்தி அடைய மாட்டார்கள். எந்த வீட்டுத் தரையும் சமமாக இருப்பதில்லை. கம்பி வரும் இடத்திலிருந்து தரை வரை வலப்புறம் ஒரு தரம், இடப்புறம் ஒரு தரம், நடுவில் ஒரு தரம் என அளப்பதுதான் முறை. அவள் அப்படியே அளந்தாள். மூன்றிடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால், ஏழடி இருக்க வேண்டிய கதவு நிலைகள் எல்லாமே ஒன்றரைச் சாண் குறைவாக இருந்தன. ஜன்னல் அடிக்கட்டை அவளுடைய தொடைக்கு வந்தது. எந்த வீட்டிலும் அது இடுப்புக்குத்தான் வரும்.

கதவைச் சாத்திப் பார்த்தாள். பழைய காலத்துத் தேக்குக் கதவு. மேலே ஒரு பெரிய சதுரம், கீழே அதற்கு இணையாக இன்னொரு சதுரம் இருந்திருக்க வேண்டும். கீழ்ச் சதுரம் பாதியோடு நின்றது. அடிக்கட்டையே இல்லை. ரம்பம் போட்டு அறுத்திருந்தார்கள்.

கதவு தேயும், சுருங்கும். தானாக அறுபடாது. வீடு சுருங்கவில்லை; தரை வளர்ந்திருக்கிறது. காரணமில்லாமல் எவரும் தம் வீட்டுத் தரையைத் தூக்கிக் கட்டமாட்டார்.

அதற்குப் பிறகு அவளுடைய கண்ணுக்கு ஒவ்வொன்றாகத் தென்பட்டது. மின்சுவிட்சுப் பலகைகள் எல்லாம் மார்பு உயரத்தில் இருந்தன. இஸ்திரிப் பெட்டிக்குரிய பிளக்கும் அங்கேயே. "குழந்தைங்க கைவைக்கக் கூடாதுன்னு," என்றார் தரகர், கேட்பதற்கு முன்பே. குளியலறையில் தண்ணீர் போகும் துளையைத் துணி சுற்றிய மரக்கட்டையால் அடைத்து, அதன்மேல் ஒரு செங்கல் வைத்திருந்தார்கள்.

"இது எதுக்குங்க?"

"கரப்பான் பூச்சி வரும், மேடம்."

"கரப்பானுக்குச் செங்கல்லா? உங்க ஊர்க் கரப்பான் பயில்வான் போல," என்றாள் அவள்.

கூடத்திலிருந்து பெரியவரின் குரல் கேட்டது. "டேய், இங்க வந்து பாரு. என்னோட மூக்குக்கு நேரா பஸ் டயர் போகுது. புள்ளை முகத்தைப் பாக்கலாம்னு வந்தா, அவன் வண்டிக்குக் காத்து இருக்கா இல்லையான்னு பாக்கச் சொல்றாங்க."

ஓட்டுநரும் சிரித்துவிட்டான். "பஞ்சர் ஆனா நீங்களே சொல்லிடலாம்ப்பா."

அந்நேரம் வீட்டுக்காரம்மா வந்தார். நேர்த்தியாக உடுத்தியவர், தேவைக்கு அதிகமாக ஒரு சொல் பேசாதவர். மருமகள் நேராகவே கேட்டாள்.

"அம்மா, வீட்டுக்குள்ள கடைசியா எப்போ தண்ணி வந்தது?"

"இந்த ரோட்டுல தண்ணியே நிக்காதும்மா. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு."

"அதைத்தானே நானும் சொல்றேன்," என்றான் ஓட்டுநர் பெருமையோடு.

மருமகள் அந்தப் பதிலை மனத்துக்குள் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். கேட்டது வீட்டைப் பற்றி. வந்தது சாலையைப் பற்றி. அந்தச் சாலையில் தண்ணீர் நிற்பதில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால், அங்கே விழுகிற தண்ணீர் எங்கே போகிறது?

"ஒரு மழை பெய்யட்டும்மா. பாத்துட்டுச் சொல்றோம்."

"வெள்ளிக்கிழமை வேற ஒருத்தங்க வர்றாங்க. அதுக்குள்ள பெஞ்சா உங்க அதிர்ஷ்டம்," என்றார் வீட்டுக்காரம்மா.

வீடு திரும்பும்போது ஓட்டுநருக்குக் கோபம் அடங்கவில்லை. "கைக்கு வந்த வீட்டை விட்டுட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றே. உன் டேப்புக்குத் தெரிஞ்சது என் கண்ணுக்குத் தெரியாதா? எத்தனை வருஷமா அந்த ரோட்டுல ஓட்டுறேன்?"

"நீங்க ஓட்டுனது ரோட்டுலங்க. நாம குடியிருக்கப் போறது வீட்டுல."

"ரெண்டும் ஒரே ஊர்தானே."

"ஒரே தெருவுலகூட அந்த வீட்டுக்கு ஒரு விதி, இந்த வீட்டுக்கு ஒரு விதின்னு இருக்கும்," என்றாள் அவள்.

வியாழக்கிழமை பிற்பகலில் வானம் இடிந்து விழுந்தது. பக்கத்து வீட்டு அக்காவைப் பெரியவருக்குத் துணையாக வைத்துவிட்டு, மருமகள் குடையோடு கிளம்பினாள். பெரிய சாலையில் இறங்கியபோது அவளுடைய செருப்பின் விளிம்புகூட மூழ்கவில்லை. ஓட்டுநர் சொன்னது பொய்யில்லை. நடுமுதுகு உயர்ந்து இருபுறமும் சரிந்த அந்தச் சாலையில் விழுந்த மழை ஒரு நொடிகூடத் தங்காமல் ஓரத்துக்கு ஓடியது. ஓரத்தில் சாக்கடை மூடிகள் தாருக்கு அடியில் பாதி புதைந்திருந்தன. அவற்றைத் தாண்டிய தண்ணீர் வீடுகளின் வாசற்படிகளில் அருவியாக இறங்கியது.

அவள் எதிர்ப்பக்கம் இருந்த மருந்துக் கடையில் ஒதுங்கினாள். கடைக்காரர் அவசரமில்லாமல், பழகிய கையோடு, வாசலின் இருபக்கக் காடிகளில் மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தார். கடைக்குள் அலமாரிகளின் அடித்தட்டு இரண்டும் காலியாக இருந்தன.

"கீழ்த்தட்டுல எதுவும் வைக்கிறதில்லையா?"

"மழைக்காலம் முடியற வரைக்கும் அது தண்ணியோட தட்டு. நமக்கு மூணாவதுலேருந்துதான்." அவர் பலகையைத் தட்டி இறக்கினார். "எதிர்ல அந்தப் பச்சை பெயிண்ட் வீட்டைப் பாக்க வந்தீங்களா?"

"எப்படித் தெரியும்?"

"வருஷா வருஷம் இந்த மாசம் யாராச்சும் வருவாங்க. அப்புறம் வெயில் காலத்துல காலி பண்ணிட்டுப் போவாங்க."

"ரோட்டுல தண்ணி நிக்காதுன்னு சொல்றாங்க."

"நின்னா நல்லாயிருக்குமே. பழைய தாரைச் சுரண்டாம அதுமேலயே புதுசு புதுசாப் போட்டு உசத்துனாங்க. ரோடு மேடாச்சு, நாங்க பள்ளமானோம். ரோட்டுக்கு வந்த நோயை நாங்க வாங்கிக்கிட்டோம்." அவர் குரலில் வருத்தமில்லை, மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் சொன்னார். "கடைன்னா பலகையைப் போட்டுட்டு மாடிக்குப் போயிடலாம். வயசானவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"மாமனார். நடக்க முடியாது."

அவர் அடுத்த பலகையை எடுத்தார்.

தூரத்தில் தெரிந்த விளக்கைக் கொண்டே அவள் தன் கணவனின் பேருந்தை அடையாளம் கண்டாள். சாலையைக் கடந்துபோய், கையைக் காட்டி ஏறினாள். டிக்கெட் எடுத்துக்கொண்டு, ஓட்டுநருக்குப் பின்னால் இடப்பக்க ஜன்னலோரம் அமர்ந்தாள். கண்ணாடியில் அவளைக் கண்ட ஓட்டுநரின் புருவம் உயர்ந்தது. ஓடும் வண்டியில் பேசக் கூடாது என்பது அவனுடைய நெறி. முன்னால் சிக்னல் விழுந்து வண்டி நின்றபோதுதான், பச்சை வீட்டுக்கு நேராகத் தாங்கள் நிற்பதை அவள் கவனித்தாள்.

"இடப்பக்கம் ஒரு தடவை பாருங்க," என்றாள் மெதுவாக.

உயரமான இருக்கையிலிருந்து எத்தனையோ ஆண்டுகள் அவன் அந்தச் சாலையைப் பார்த்திருக்கிறான்; முன்னால் போகும் வண்டியை, குறுக்கே வரும் ஆளை, தாரில் விழுந்த குழியை. வேலிக்கு உட்பக்கம் அவன் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய வேலையும் அவனுக்கு இல்லை. இப்போது பார்த்தான். அவர்கள் நின்று பேசிய முற்றம் கலங்கிய குளமாக இருந்தது. ஏறிய அந்த ஒரு படியைக் காணவில்லை. முந்தாநாள் நேர்த்தியாக உடுத்தி வந்த வீட்டுக்காரம்மா, புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு, நிலைப்படியில் மணல் மூட்டையை அடுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகே சிக்னல் மாறியதை ஓட்டுநர் கண்டான்.

சுரங்கப்பாதைக்கு முன் போக்குவரத்துக் காவலர் கையைச் சுழற்றிக் காட்டினார். சுற்றிப் போக வேண்டும். உள்ளே பழுப்புத் தண்ணீர், ஒரு சிற்றுந்தின் கூரையை மட்டும் விட்டுவைத்திருந்தது. ஓட்டுநர் வண்டியை வலப்பக்கம் திருப்பினான். வண்டி முனகியது, இரண்டாம் கியருக்கு இறங்கி மெல்ல ஏறத் தொடங்கியது. இருபக்கமும் கால்வாயில் தண்ணீர் எதிர்த்திசையில், அவர்கள் விட்டுவந்த சுரங்கப்பாதையை நோக்கி விழுந்தடித்து ஓடிக்கொண்டிருந்தது. மேட்டின் உச்சியில் சாலை கழுவிவிட்ட தட்டுப்போல் கிடந்தது.

"அந்த மூலை வீடு," என்றாள் அவள்.

நான்கு படி உயரத்தில் அடித்தளம். மாடியில் நர்ஸம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தார். வண்டி அந்த வீட்டின் பக்கவாட்டு ஜன்னலைத் தொட்டுவிடும் தூரத்தில் கடந்தது.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு ஓட்டுநர் எஞ்சினை அணைத்தான். மனைவியின் பக்கம் திரும்பினான்.

"சுத்திப் போன்னு சொல்றப்போல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். நேரம் போகுதே, டீசல் போகுதேன்னு." கைத்துண்டால் முன்கண்ணாடியைத் துடைத்தான். "எந்த வழியா சுத்தவிடுறாங்கன்னு ஒரு நாளும் யோசிச்சதில்லை. தண்ணி ஏறாத வழியாத்தானே விடுவாங்க."

"அந்தச் சுரங்கப்பாதைத் தண்ணி எங்கேருந்து வருதுன்னும் யோசிங்க."

"மேட்டுலேருந்து." அவன் சிரித்தான். "அந்தப் பேட்டைக்கே நான் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்திருக்கேன். பள்ளம் பேட்டைக்குள்ள நுழையற வாசல்லதான் இருக்கு, வீட்டுல இல்லை."

"அவசரமா மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்னா? சுரங்கப்பாதை அடைச்சிருக்குமே?"

"நாம இப்போ வந்த வழி எதுக்கு இருக்கு? இத்தனை பெரிய பஸ் வருது, ஆம்புலன்ஸ் வராதா?" என்றான் ஓட்டுநர். அதை அவன் ஊகித்துச் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்துச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலை மருமகள் வீட்டுக்காரம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னாள்.

"வாடகையைக் குறைக்கிறேன்."

"குறைச்சா தண்ணியும் குறையுமாம்மா? தரையை எத்தனை தடவை உசத்துனீங்க?"

பெருமூச்சு கேட்டது. "ரெண்டு தடவை. மூணாவது தடவை உசத்தினா தலை இடிக்கும்."

"இப்பவே இடிக்குது. எங்க வீட்டுக்காரர் நெத்தியில புடைச்சிருக்கு." அவளுக்குக் கோபம் இல்லை. "மாடியில ஒரு தளம் எழுப்பிட்டு, கீழே வண்டி நிறுத்த விடுங்க. குடித்தனம் வைக்காதீங்க. எழுந்து போக முடியாதவங்க யாராச்சும் வந்துட்டா பாவம்."

"யோசிக்கிறேம்மா," என்றார் அவர். அந்தக் குரலில் பொய் இல்லை.

மேட்டு வீடு என்பதற்காக மருமகள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவிடவில்லை. மேட்டிலும் பள்ளம் உண்டு. இந்த முறை ஓட்டுநர்தான் முன்னால் நடந்தான். புதிதாக மதம் மாறியவனுக்குப் பக்தி அதிகம். ஒரு வாளித் தண்ணீரை வீட்டின் மேற்சரிவுப் பக்கம் கொட்டி, அது சுவரை நோக்கி வருகிறதா, கால்வாயை நோக்கிப் போகிறதா என்று குனிந்து பார்த்தான். கால்வாய்க்கே போனது. இருந்தும் இன்னொரு வாளி கொட்டினான்.

"செடியா நட்டிருக்கு? போதும் விடுங்க," என்றார் நர்ஸம்மா மாடியிலிருந்து.

சாலையிலுள்ள சாக்கடை மூடி குளியலறைத் தரையைவிட நன்றாகத் தாழ்ந்திருந்ததை மருமகள் பார்த்துக்கொண்டாள். குழாய் அடைத்துக் கழிவுநீர் எதிர்த்து வந்தாலும், முதலில் தெருவில் பொங்கும். வீட்டுக்குள் வர முந்திக்கொள்ளாது. நிலத்தடித் தொட்டியின் வாயும் தரையைவிட உயர்ந்தே இருந்தது. தெருநீர் குடிநீரில் கலக்காது. சுவரில் ஒரே பழைய சுண்ணாம்பு, மேலிருந்து கீழ்வரை ஒரே அழுக்கு. பிளக்குகள் முழங்கால் உயரத்தில். கதவுகளின் கீழ்ச் சதுரங்கள் முழுதாக இருந்தன. அளவுநாடா ஏழடி காட்டியது.

பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் தனித்தனியே போய்க் கேட்டாள். கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டாள்: "தெருவுல இல்லை, உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்திருக்கா?" இருவரும் இல்லை என்றார்கள். நர்ஸம்மா அதற்குமேலும் நேர்மையாகச் சொன்னார்.

"கால்வாய்ல குப்பை அடைச்சா முதல் படி நனையும். ஒரே ஒரு வருஷம் ரெண்டாவது படி வரைக்கும் வந்தது. வீட்டுக்குள்ள வந்ததில்லை. இனிமே வராதுன்னு எழுதிக் கொடுக்க நான் மேகம் இல்லை."

"அப்போ ஒண்ணு மட்டும் ஒப்பந்தத்துல எழுதிக் கொடுங்கம்மா. மூணாவது படியைத் தண்ணி தொட்டா, மாமாவை மாடி முன்னறைக்குக் கொண்டுவந்துடுவோம்."

"எழுதணுமா என்ன? வரச் சொல்லு. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம நானே தவிக்கிறேன்."

"இருந்தாலும் எழுதிடுங்க," என்றாள் மருமகள்.

பெரியவருக்கு ஒரு குறை இருந்தது. "படியில்லாத வாசல் கேட்டேன். நாலு படி இருக்கே."

"அந்த நாலு படிக்குத்தான் மாமா நாம வாடகை கொடுக்கிறோம்."

நான்கு படிக்கும் ஓட்டுநர் வழி கண்டான். வீட்டின் பக்கவாட்டுச் சந்து நெடுக, நடைவண்டி நிதானமாக ஏறும்படி, நீண்ட சாய்தளம் ஒன்று போட நர்ஸம்மாவிடம் அனுமதி வாங்கினான். கொத்தனார் அதைச் சுருக்கமாகச் செங்குத்தாக முடிக்கப் பார்த்தபோது, "எங்கப்பா ஏறணும், ஆடு ஏறணும்னு சொல்லலை" என்று கூடவே நின்று சரிவை நீட்டிப் போடவைத்தான். மருமகள் தன் துணிச் சுருள்களைத் தரையில் வைக்காமல், இரும்புச் சட்டத்தின்மேல் அடுக்கினாள். மேடோ பள்ளமோ, துணியைத் தரையில் போடுவது தொழிலுக்கு அழகன்று.

குடிபுகுந்த பத்துப் பதினைந்து நாட்களில் பெருமழை வந்தது. அன்று காலையிலிருந்தே விடாமல் பெய்தது. மருமகள் வெளிவேலையை ஒத்திவைத்துவிட்டு வெட்டுமேசையருகே நின்றாள். அரைமணிக்கொரு தரம் வாசலுக்குப் போய்ப் படிகளைப் பார்த்தாள். முதல் படி நனைந்தது. கம்பியோடு இறங்கி, கால்வாய் வாயில் சிக்கிய இலைகளை இழுத்துவிட்டாள். தண்ணீர் ஒருமுறை சுழன்று, வழி கிடைத்ததும் கீழே சுரங்கப்பாதையை நோக்கி ஓடியது. இரண்டாம் படி காய்ந்தே இருந்தது.

"பெரிய ரோட்டுல எப்படியிருக்காம்?" என்றார் பெரியவர்.

"ரோட்டுல தண்ணியே நிக்கலையாம் மாமா."

பெரியவர் தலையசைத்தார். "அந்தம்மா?"

"அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்களாம். யாருக்கும் வாடகைக்கு விடலை. மருந்துக்கடைக்காரர் சொன்னார்."

அவர் நாற்காலியைப் பக்கவாட்டு ஜன்னலுக்கு நகர்த்தச் சொன்னார். சிறிது நேரத்தில் மேட்டுக்குக் கீழே ஒரு முனகல் கேட்டது; இரண்டாம் கியரில் ஏறும் பேருந்தின் குரல். மழைத்திரைக்குள்ளிருந்து முதலில் விளக்குகள் வந்தன, பிறகு நெற்றிப் பலகை, பிறகு கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநரின் முகம். டயர் கீழே எங்கேயோ இருந்தது. தந்தையும் மகனும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். வண்டி ஒரு கணம் நிதானித்தது.

பெரியவர் ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட், ரைட். போகலாம்."